நெருங்கிய கோட்டுருவத்தில் முக்கோணியும் சதுரமும் எண்ணுவது எப்படி: 40 என்று எழுதி ஏமாந்தவனின் குறிப்பு

அரச வேலைக்கான ஒரு போட்டிப் பரீட்சையில், நுண்ணறிவுப் பகுதியில், ஒரு படம் போட்டு "இவ்வுருவில் உள்ள முக்கோணிகள் எத்தனை?" என்று கேட்டிருந்தார்கள். மூன்று தரம் எண்ணினேன். முதல் தரம் 38, அடுத்தது 41, கடைசியாக 40. விடைகளுக்குள் 40 இருந்ததால் அதற்கே புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். சரியான விடை 44. பஸ்ஸில் பரந்தனுக்குத் திரும்பி வரும்போதும் அந்தப் படம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

பிறகு காசு கட்டி ஒரு வகுப்புக்கும் போனேன். அங்கே ஒரு தாளில் நாலைந்து சூத்திரம் தந்தார்கள். எந்தச் சூத்திரம் எந்தப் படத்துக்கு என்று தாளில் இல்லை. எண்ணும் முறையைக் கடைசியில் வீட்டு முற்றத்தில்தான் பிடித்தேன். நீங்கள் புதிதாகத் தொடங்குகிறவர் என்றால், அல்லது வீட்டில் புலமைப்பரிசில் எழுதப்போகிற பிள்ளை இருந்தால், கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்து பாருங்கள்.

1. தேவையான சாமான்

சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று, அடிமட்டம், கூரான பென்சில். நான் புதிதாக வாங்கியது கொப்பி மட்டும்தான். கலர் பென்சில் இருந்தால் பழகும்போது உதவும், ஆனால் மண்டபத்தில் அது கையில் இருக்காது. ஆகவே முதல் நாலைந்து படங்களோடு அதை விட்டுவிடுங்கள். கையில் ஒரு பிடி புளியங்கொட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று ஐந்தாம் படியில் தெரியும்.

நேரம்தான் பெரிய செலவு. நான் கீழே காட்டுகிற படத்துக்கு முதல் நாள் எனக்கு அரை மணித்தியாலம் போனது. பத்துப் பன்னிரண்டு நாள் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு படம் செய்த பிறகு இரண்டு நிமிடத்துக்குள் வந்தது.

2. முதலில் கேள்வியை வாசியுங்கள், பிறகு படத்தைப் பாருங்கள்

சதுரமா, செவ்வகமா என்று பாருங்கள். மூன்றுக்கு மூன்று கட்டமாகப் பிரித்த சாதாரணச் சதுரத்தில் சதுரங்கள் 9 + 4 + 1 = 14. அதே படத்தில் செவ்வகங்கள் 36, ஏனென்றால் சதுரமும் ஒரு செவ்வகம்தான். ஒரு சொல் மாறினால் விடை இரண்டரை மடங்காகிவிடும். இந்த இடத்தில் தவறுகிறவர்கள் எண்ணத் தெரியாமல் தவறுவதில்லை.

இன்னொன்று, எதை முக்கோணி என்று எடுப்பது? நான் வயல் வரம்பை நினைத்துக்கொள்வேன். கோடுகள் எல்லாம் வரம்பு, நடுவில் இருப்பதெல்லாம் தண்ணீர். வரம்பை விட்டு இறங்காமல் நடந்து, மூன்றே மூன்று தரம் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் அது முக்கோணி. உள்ளே எத்தனை வரம்பு குறுக்கே போனாலும் கவலையில்லை. நடுவழியில் வரம்பு முடிந்து தண்ணீரில் கால் வைக்க வேண்டி வந்தால் அதை எண்ணக்கூடாது. சந்தேகம் வரும்போதெல்லாம் பென்சில் முனையை அப்படி நடக்கவிட்டுப் பாருங்கள்.

3. சின்னப் படத்தில் துண்டுகளுக்கு இலக்கம் போட்டுப் பழகுங்கள்

ஒரு முக்கோணி கீறுங்கள். அதன் அடியின் இடது மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோடு, வலது மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோடு. இரண்டும் உள்ளே வெட்டிக்கொள்ளும். இப்போது நான்கு துண்டுகள் வரும். கீழே உள்ளதற்கு 1, இடப்பக்கத்துக்கு 2, வலப்பக்கத்துக்கு 3, மேலே உள்ள நாற்பக்கத் துண்டுக்கு 4 என்று போடுங்கள்.

தனித் துண்டாக முக்கோணி: 1, 2, 3. நாலாம் துண்டுக்கு நான்கு பக்கம், ஆகவே இல்லை.
இரண்டு துண்டு சேர்ந்து: 12, 13, 24, 34.
மூன்று துண்டு சேர்ந்து: எதுவும் இல்லை.
நான்கும் சேர்ந்து: 1234.

மொத்தம் 3 + 4 + 1 = 8.

ஒரே கட்டுப்பாடு, சிறிய இலக்கத்தை எப்போதும் முன்னால் எழுத வேண்டும். 24 என்று எழுதுங்கள், 42 என்று ஒருபோதும் எழுத வேண்டாம். அப்படி எழுதினால் ஒரே முக்கோணி இரண்டு பெயரில் பட்டியலுக்குள் நுழைய முடியாது. இருமுறை எண்ணுவதற்கு மருந்து இதுதான், வேறு நினைவாற்றல் ஒன்றும் தேவையில்லை.

இதை வேறு வழியில் சரிபார்க்கலாம். படத்தில் மொத்தம் ஐந்து கோடுகள். ஐந்தில் மூன்றைத் தெரிவு செய்ய 10 வழி. அதில் இடது மூலையில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சேர்கின்றன, அந்த மூன்றும் முக்கோணி ஆகாது. வலது மூலையிலும் அப்படியே. 10 − 2 = 8. எந்த இரண்டு கோட்டை எடுத்தாலும் அவை படத்துக்குள்ளேயே சந்திக்கும் என்பதால்தான் இந்தக் குறுக்குவழி இங்கே சரிவருகிறது. சமாந்தரக் கோடுகளோ, பாதியில் நிற்கிற கோடுகளோ இருந்தால் இதை நம்பிப் போகாதீர்கள்.

4. என்னை ஏமாற்றிய படம்: பருமன் வாரியாக எண்ணுதல்

கொப்பியில் நான்கு கட்ட அகலமும் நான்கு கட்ட உயரமுமாகப் பெரிய சதுரம் ஒன்று கீறுங்கள். இடது மேல் மூலை அ, வலது மேல் ஆ, வலது கீழ் இ, இடது கீழ் ஈ. மேல்பக்க நடுப்புள்ளி க, வலப்பக்கம் ச, கீழ்ப்பக்கம் ட, இடப்பக்கம் த. நடுமையம் ம.

இப்போது க–ட நேராகக் கீழே, த–ச குறுக்கே. பிறகு அ–இ, ஆ–ஈ என்ற இரண்டு மூலைவிட்டங்கள். கடைசியாக க–ச, ச–ட, ட–த, த–க என்று நான்கு நடுப்புள்ளிகளையும் இணையுங்கள். கொடிக்கம்பிப் பின்னல்போல ஒரு படம் வரும். உற்றுப் பார்த்தால் அது நான்கு சிறு சதுரங்கள்தான், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூலைவிட்டங்கள். இப்படிப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லாத் துண்டும் ஒரே அளவு, மொத்தம் 16 துண்டுகள். துண்டுகள் சமமாக இருக்கிறபோது 16 இலக்கம் போட்டு எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு முக்கோணிக்குள் எத்தனை துண்டு என்று பருமன் பார்த்து எண்ணினால் போதும்.

ஒரு துண்டு: 16.

இரண்டு துண்டு: ஒவ்வொரு சிறு சதுரத்தையும் மூலைவிட்டத்தால் பாதியாக்கினால் வருவது. ஒரு சிறு சதுரத்துக்கு 4, ஆகவே 16.

நான்கு துண்டு: இந்த வரியில்தான் நான் விழுந்தேன். பெரிய சதுரத்தின் பக்கத்தை அடியாகவும் மையத்தை உச்சியாகவும் வைத்த நான்கு முக்கோணிகள் எல்லோர் கண்ணிலும் படும்: அஆம, ஆஇம, இஈம, ஈஅம. இதே பருமனில் இன்னும் நான்கு உண்டு. அவற்றின் நீண்ட பக்கம் வெளியே இல்லை, படத்தின் நடுவால் போகிறது. க–ட கோட்டை நீண்ட பக்கமாக வைத்துப் பாருங்கள், வலப்பக்கம் கசட, இடப்பக்கம் கதட. த–ச கோட்டை எடுத்தால் மேலே தகச, கீழே தடச. எனவே நான்கு துண்டு முக்கோணிகள் 8.

எட்டுத் துண்டு: பெரிய சதுரத்தின் பாதி. 4.

கூட்டினால் 16 + 16 + 8 + 4 = 44. நடுக்கோட்டில் சாய்ந்து நிற்கிற அந்த நான்கையும் விட்டால் 40. பரீட்சையில் 40 என்ற விடை சும்மா வைக்கப்பட்டதல்ல என்று அன்றைக்குத்தான் விளங்கியது. விடை தயாரிப்பவர் நாம் எங்கே விழுவோம் என்று தெரிந்துதான் அந்த எண்ணைப் போடுகிறார்.

மூன்று துண்டிலோ ஆறு துண்டிலோ உங்களுக்கு ஒரு முக்கோணி அகப்பட்டால் சந்தேகப்படுங்கள். இந்தப் படத்தில் அடுத்த பருமன் முந்தியதன் இரட்டிப்பு, 1, 2, 4, 8. மூன்று துண்டு சேர்ந்தால் வருவது பெரும்பாலும் ஒரு சரிவகம், அவசரத்தில் முக்கோணிபோலத் தெரியும். வரம்பில் நடந்து பார்த்தால் நாலாவது தரம் திரும்ப வேண்டி வரும்.

5. இரண்டாம் தரம் எண்ணும்போது அதே வழியில் எண்ணாதீர்கள்

நான் மண்டபத்தில் மூன்று தரம் எண்ணியும் பிழைத்ததற்குக் காரணம், மூன்று தரமும் ஒரே மாதிரி எண்ணியது. முதல் தரம் கண்ணில் படாதது மூன்றாம் தரமும் படாது. சரிபார்ப்பதென்றால் வேறு ஒழுங்கில் எண்ண வேண்டும்.

இந்த வழியை எனக்குக் காட்டியது அக்காவின் மகள், ஐந்தாம் ஆண்டு. ஒரு நாள் கரண்ட் இல்லாத பின்னேரம், முற்றத்து மணலில் ஈர்க்கால் படத்தைப் பெரிதாகக் கீறி வைத்துக்கொண்டு நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அம்மம்மா உடைத்துப் போட்ட புளியங்கொட்டையோடு வந்து குந்தினாள்.

"மாமா, எல்லா முக்கோணியிலயும் ஒரு மூலைதானே நேரா நிக்குது. அந்த மூலையில கொட்டையை வைப்பமே."

அவள் சொன்ன நேரான மூலை செங்கோணம். இந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு முக்கோணியும் செங்கோண முக்கோணி, ஒன்றுக்கு ஒரே ஒரு செங்கோணம். ஆகவே ஒரு முக்கோணிக்கு ஒரு கொட்டை, அதன் செங்கோண மூலையில். இரண்டு கொட்டை விழ வழியே இல்லை. புள்ளி புள்ளியாகப் போனோம்.

மையம் ம: சிறு சதுரப் பாதிகள் 4 (மகச, மசட, மடத, மதக), பெரிய பக்கத்தை அடியாகக் கொண்டவை 4. எட்டுக் கொட்டை.

வெளி மூலை அ: சிறியது அகத, பெரியது அஆஈ. இரண்டு கொட்டை. நான்கு மூலைக்கும் 8.

நடுப்புள்ளி க: அ பக்கம் கஅம, ஆ பக்கம் கஆம, பிறகு தகச. மூன்று கொட்டை. நான்கு நடுப்புள்ளிக்கும் 12. நான் விட்ட தகச இங்கே தானாகவே வந்து நிற்பதைப் பாருங்கள். இந்தப் புள்ளியில் நின்று பார்க்கிறவருக்கு அது மறைய முடியாது.

சிறு சதுரங்களின் நடு: ஒவ்வொன்றிலும் நான்கு சின்னத் துண்டுகள். நான்கு நடுவுக்கும் 16.

8 + 8 + 12 + 16 = 44. இரண்டு வெவ்வேறு வழி ஒரே எண்ணில் வந்து முட்டினால் விடையை நம்பலாம்.

செங்கோணம் இல்லாத படங்களில் வேறு அடையாளம் எடுங்கள். எல்லா முக்கோணிக்கும் ஒரு கிடையான அடி இருந்தால் அந்த அடி எந்தக் கோட்டில் கிடக்கிறது என்று பார்த்து எண்ணலாம். அடையாளத்துக்கு ஒரே நிபந்தனை: ஒவ்வொரு முக்கோணிக்கும் அது ஒன்று இருக்க வேண்டும், ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது.

6. நேரம் இல்லாதபோது: நான்கால் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படத்தைக் கால்வட்டம் திருப்பினால் அதே படம்தான் வரும். எந்த முக்கோணியும் அப்படித் திருப்பும்போது தன் இடத்திலேயே நிற்காது, வேறொரு முக்கோணியின் மேல் போய் இருக்கும். ஆகவே முக்கோணிகள் நான்கு நான்காகவே வரும், மொத்தம் நான்கால் பிரிபட வேண்டும். நான் முதலில் எடுத்த 38உம் 41உம் அந்த இடத்திலேயே அடிபட்டுப்போகும். விடைகளுக்குள் 42 இருந்தால் அதையும் வெட்டலாம்.

ஆனால் 40உம் நான்கால் பிரிபடும். இந்தச் சோதனை பிழையான விடையைக் கழிக்கும், சரியான விடையைக் காட்டித் தராது.

7. அதே படத்தில் சதுரங்கள்

சதுரத்துக்கு அடையாளம் அதன் நடு. ஒரு சதுரத்துக்கு ஒரே ஒரு நடுதான். சிறு சதுரங்களின் நடுவில் ஒவ்வொன்று, 4. மையம் ம–வை நடுவாக வைத்து வெளிப்பெரிய சதுரம் ஒன்று, சாய்ந்து நிற்கிற கசடத ஒன்று, 2.

இன்னும் நான்கு உண்டு, பலரும் விடுவது இவற்றைத்தான். க–வுக்கும் ம–வுக்கும் இடையில் நடுப்பகுதியைப் பாருங்கள். அந்தக் கோட்டின் இரு பக்கமும் உள்ள சின்னத் துண்டுகள் இரண்டும் சேர்ந்து ஒரு சின்னச் சாய்சதுரம்போல நிற்கும். நான்கு பக்கமும் சமம், மூலைகள் செங்கோணம், ஆகவே அதுவும் சதுரம்தான். ம–ச, ம–ட, ம–த கோடுகளிலும் ஒவ்வொன்று. மொத்தம் 4 + 2 + 4 = 10. சரிந்து நின்றால் சதுரம் இல்லை என்று நினைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கொப்பியைச் சற்றுத் திருப்பிப் பிடித்தால் கண் ஒத்துக்கொள்ளும்.

இங்கே நான்கால் பிரிக்கும் சோதனையைப் போடாதீர்கள். நடுவில் உள்ள இரண்டு சதுரங்களும் திருப்பினாலும் அதே இடத்தில் நிற்கும், ஆகவே 10 பிரிபடாவிட்டாலும் பிழையில்லை.

8. சூத்திரம் எப்போது காலை வாரும்

வகுப்பில் தந்த தாளில் இருந்தவற்றில் எனக்குப் பயன்பட்டது ஒன்றுதான். உச்சியிலிருந்து அடிக்குக் கோடுகள் இறங்கி, அடி நான்கு பகுதியாகப் பிரிந்திருந்தால் முக்கோணிகள் 1 + 2 + 3 + 4 = 10. குறுக்கே அடிக்குச் சமாந்தரமாக இன்னொரு கோடு இருந்தால் 10 × 2 = 20. இது சரிதான், எல்லாக் கோடும் உச்சியிலிருந்து அடி வரைக்கும் போனால்.

இப்போது உள்ளே இருக்கும் மூன்று கோடுகளில் ஒன்றைக் குறுக்குக் கோட்டோடு நிறுத்திவிடுங்கள். மேலே அடி நான்கு பகுதி, 10. கீழே அடி மூன்று பகுதிதான், 1 + 2 + 3 = 6. விடை 16, ஆனால் 20 விடைகளுக்குள் காத்துக்கொண்டிருக்கும். சூத்திரம் போட முதல் ஒவ்வொரு கோட்டின் நுனியையும் ஒரு தரம் விரலால் தொட்டுப் பாருங்கள். ஐந்து செக்கன் போகும்.

9. மண்டபத்தில் நேரக் கணக்கு

ஒரு மணித்தியாலத்துக்கு 50 கேள்வி என்றால் ஒன்றுக்கு 72 செக்கன். பதினாறு துண்டுப் படத்தை அதற்குள் இரண்டு வழியில் எண்ண எனக்கு இன்னும் வராது. ஆகவே நான் செய்வது இது: படத்தைக் கண்டதும் துண்டு எத்தனை என்று பார்ப்பேன். எட்டுக்குள் என்றால் அங்கேயே செய்வேன். கூடினால் வினாத்தாள் ஓரத்தில் ஒரு புள்ளி போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவேன், கடைசியில் திரும்பி வருவேன். திரும்பி வரும்போது விடைத்தாளில் வரி மாறாமல் பாருங்கள், விட்ட கேள்வியின் இடத்தில் அடுத்த கேள்வியின் விடையை ஒரு தரம் நிரப்பி, பின்னால் வந்த ஏழு விடைகளையும் அழித்திருக்கிறேன். எண்ணும்போது கூட்டுத்தொகையை மனதில் வைக்காதீர்கள். 16, 16, 8, 4 என்று வினாத்தாளில் வரியாக எழுதுங்கள், பக்கத்தில் யாராவது இருமினாலும் எங்கே விட்டோம் என்று தெரியும்.

பழக ஒரு படம்: மூன்றுக்கு மூன்று கட்டம், ஒன்பது சிறு சதுரத்துக்குள்ளும் இரண்டு மூலைவிட்டம். முக்கோணிகள் 124. இதில் 1, 2, 4, 8 மட்டும் இல்லை, 9 துண்டிலும் 18 துண்டிலும் முக்கோணி வரும். ஒன்பது துண்டு முக்கோணியின் செங்கோணம் ஒரு சிறு சதுரத்தின் நடுவில் போய் நிற்கும், அந்த எட்டையும் விட்டால் 116 என்று வரும். மருமகள் இதைக் கொட்டை வைத்து எண்ணத் தொடங்கினாள். பாதியில் கொட்டை காணாமல் போய், அம்மம்மாவிடம் இன்னும் புளி உடைக்கச் சொல்லிக் கேட்டுப் பேச்சு வாங்கினாள்.